ஃபொன்ட் மேல் பழி போடாதீர்கள்

உப்புவெளியில் விடுதி நடத்துபவரானாலும் சரி, உள்துறைமுகத்தில் படகுச் சவாரி விடுபவரானாலும் சரி, போஸ்டர் வேண்டுமென்றால் இப்போது முதலில் ஏஐ படக் கருவியிடம்தான் போகிறார்கள். கடல் கண்ணைப் பறிக்கும். ஆங்கில வரி ஓரளவு சரியாக வந்திருக்கும். தமிழ் வரியோ தமிழ் மாதிரி இருக்கும், தமிழாக இருக்காது. சுழியும் கொம்பும் தாராளமாக இருக்கும், வாசிக்கத்தான் முடியாது. அச்சுக்கடையில் தீர்ப்பு தயாராக இருக்கும்: "இது ஃபொன்ட் பிரச்சினை அண்ணே. நல்ல ஃபொன்ட் பேரைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கோ, வரும்."

வராது. அந்தத் தீர்ப்பை நம்பித்தான் ஆட்கள் அதே போஸ்டரைத் திரும்பத் திரும்பக் கேட்டு நேரத்தைத் தொலைக்கிறார்கள்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது எனக்கு விளங்குகிறது. இலங்கைத் தமிழ் அச்சுக்கடைகள் பாமினியில் வளர்ந்தவை. பாமினியில் திருகோணமலை என்பது உண்மையில் `jpUNfhzkiy` என்ற ஆங்கில எழுத்து வரிசை. அதற்குத் தமிழ்ச் சட்டை போட்டுவிடுவது ஃபொன்ட். அந்த ஃபொன்ட் இல்லாத கணினியில் திறந்தால் சட்டை கழன்று ஆங்கிலக் குப்பை தெரியும். யூனிகோட் வந்த பிறகும் தொல்லை தீரவில்லை. யூனிகோடில் "லை" என்பதில் முதலில் ல, பிறகுதான் ஐகாரக் குறி. அதை எடுத்து எழுத்துக்கு முன்னால் வைப்பது மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத பழைய வடிவமைப்பு மென்பொருள்களில் கொம்பு பின்னால் போய் நிற்கும். ஆகவே இங்கே பல வருடங்களாகத் தமிழ் உடைந்ததற்கெல்லாம் ஃபொன்டோ அதைக் கையாளும் மென்பொருளோதான் காரணம். அந்த அனுபவம் உண்மை. அதை ஏஐ படத்தின் மேல் ஏற்றுவதுதான் பிழை, ஏனென்றால் அந்தப் படத்துக்குள் ஃபொன்டே இல்லை.

படக் கருவி எழுதுவதில்லை, வரைகிறது. அலையை வரைவதுபோலவே எழுத்தையும் வெறும் புள்ளிகளாகவே நிரப்புகிறது. 2022இல் வெளிவந்த ஸ்டேபிள் டிஃப்யூஷனை எடுத்துக்கொள்வோம். உள்ளே நடப்பது வெளிப்படையாகத் தெரிந்த கருவி அது. நாம் தட்டிய வரியை அது எழுத்தாக வாசிப்பதில்லை, துண்டுகளாக வெட்டிப் படிக்கிறது. மொத்தம் 77 துண்டுகளுக்குத்தான் இடம். திருகோணமலை நமக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் பத்துக் குறி, கணினிக்கு முப்பது பைட். பெரும்பாலும் ஆங்கிலக் குறிப்புகளோடு பழகிய கருவிக்கு "boat" என்பது முழுச் சொல். நம் ஊர்ப் பெயர் பொருளில்லாத பொடி.

அடுத்தது அளவு. 512க்கு 512 புள்ளி கொண்ட படத்தை அது 64க்கு 64 கட்டங்களாகச் சுருக்கி வைத்துத்தான் வேலை செய்கிறது. ஒரு கட்டம் எட்டுக்கு எட்டுப் புள்ளி. முப்பது புள்ளி உயரமுள்ள தமிழ் எழுத்தின் மேல் நிற்கும் மெய்ப்புள்ளி நான்கு புள்ளி அகலம் இருந்தால் அதிகம். அது அரைக் கட்டத்துக்குள் அடங்கிவிடும். அதனால்தான் மெய்ப்புள்ளி காணாமற்போகிறது, ரகரமும் அரவும் ஒன்றாகிவிடுகின்றன, ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா என்று சொல்ல முடியாமற்போகிறது.

ஃபொன்ட் பிழையையும் படக் கருவியின் பிழையையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. ஃபொன்ட் பிழை ஒழுங்கானது. "லை" உடைந்தால் போஸ்டர் முழுக்க எல்லா "லை"யும் ஒரே மாதிரி உடையும். படக் கருவியின் பிழைக்கு ஒழுங்கே கிடையாது. தலைப்பில் "லை" ஒரு விதம், அடியில் முகவரியில் வேறு விதம். ஒரே எழுத்து இரண்டு இடத்தில் இரண்டு விதமாக நொண்டினால் ஃபொன்டைத் தேடி அலையாதீர்கள்.

"அடுத்த பதிப்பில் சரியாகிவிடும்" என்பது இரண்டாவது ஆறுதல். பாதி உண்மை, புதிய கருவிகள் ஓரிரு பெரிய தமிழ்ச் சொற்களைச் சரியாகப் போடுவதுண்டு. எனக்குப் பயம் அங்கேதான். வாசிக்க முடியாத பிழை எல்லோர் கண்ணிலும் படும். வாசிக்க முடிகிற பிழை நேரே அச்சுக்குப் போகும். பஸ் ஆசனத்தில் கர்ப்பிணித் தாய்மார் "நாய்மார்" ஆன படத்தைப் பார்த்து இந்த நாடு சிரித்திருக்கிறது. அங்கே மாறியது ஒரே ஓர் எழுத்து, அதுவும் மனிதர் கைப்பிழை. கருவி தேறத் தேற அதன் பிழைகளும் இந்த வகைக்கு வந்து சேரும்: ண இருக்க வேண்டிய இடத்தில் ன, ற இருக்க வேண்டிய இடத்தில் ர. படத்தோடு கலந்துவிட்ட அந்த எழுத்தைத் தட்டிய எழுத்தைப்போல் திருத்தவும் முடியாது.

ஆகவே எழுத்தைப் படக் கருவியிடம் கேட்காமல் போஸ்டரைத் திட்டமிட வேண்டும். நம் ஊருக்குப் பழக்கமான திமிங்கிலம் பார்க்கும் சவாரியையே எடுத்துக்கொள்வோம். தாள் ஏ3, அதாவது 297க்கு 420 மில்லிமீட்டர். மூன்று மொழியும் வேண்டும். வழக்கமாகப் படத்தைச் செய்துவிட்டுப் பிறகு எழுத்துக்கு இடம் தேடுகிறோம். தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் மூன்று மொழி வாசகத்தையும் யூனிகோடில் தட்டி, தமிழை நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒரு ஃபொன்டிலும் மற்றவற்றை அவற்றுக்குரிய ஃபொன்டுகளிலும் வெறும் தாளில் அடுக்குங்கள். "திமிங்கிலம் பார்க்கும் படகுப் பயணம்" ஒரே வரியில் நின்றால் எழுத்து ஏறத்தாழ 40 பொயின்டுக்கு இறங்கிவிடும், வீதியிலிருந்து தெரியாது. இரண்டு வரியாக உடைத்தால் 60 தாங்கும். மேலே விசிறியும் கீழே உகரச் சுழியும் இடிக்காமலிருக்க வரியிடைவெளி எழுத்தளவைப்போல் 1.4 மடங்காவது வேண்டும். அப்படியானால் தமிழுக்கு மட்டும் ஏறத்தாழ 60 மில்லிமீட்டர் உயரம். சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் ஓரத்தையும் சேர்த்தால் 160க்கு வரும். தாளின் உயரத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு, மேலிருந்து, எழுத்துக்கே போய்விட்டது. இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் படம் கேட்க வேண்டும்:

```
calm blue sea, horizon in the lower third,
plain pale sky above, one small boat far right
```

தொடுவானம் கீழே போனால் மேலே வெறும் வானம் கிடைக்கும். "எழுத்து வேண்டாம்" என்று கட்டளையில் சேர்த்தாலும் அதை நம்பியிருக்காதீர்கள். எழுத்துத் தாங்கும் பொருள்களையே கேட்காமல் விடுவது மேல். கடைத்தெரு கேட்டால் பெயர்ப்பலகை முளைக்கும். மீன்பிடிப் படகைப் பக்கவாட்டில் அருகில் கேட்டால், பெயரும் பதிவிலக்கமும் இருக்க வேண்டிய இடத்தில் கிறுக்கல் வரும், ஏனென்றால் படகின் பக்கத்தில் ஏதோ எழுதியிருக்கும் என்பது மட்டும் அதற்குத் தெரியும். படகு தூரத்தில் சிறிதாக இருக்கட்டும். பலகை இருந்தே ஆகவேண்டுமென்றால் வெற்றுப் பலகையாகக் கேட்டு, எழுத்தை நீங்களே சாய்த்து ஒட்டுங்கள். புகையிரத நிலையப் பெயர்ப்பலகையின் உண்மையான போட்டோவைக் கருவியில் கொடுத்து வானத்தை மட்டும் அழகாக்கச் சொன்னாலும் பலகை எழுத்து கலைந்துவிடலாம்; பழைய போட்டோவிலிருந்து பலகையை வெட்டி மேலே திரும்ப ஒட்டிவிடுங்கள்.

எழுத்தின் பின்புலம் அலை நுரையாக இருக்கக் கூடாது. வெள்ளைத் திவலைகளுக்கு நடுவில் வெள்ளை மெய்ப்புள்ளி எது, நுரை எது என்று யாராலும் சொல்ல முடியாது. வானம் போதாவிட்டால் ஒரே நிறப் பட்டை ஒன்றை அடியில் போடுங்கள்.

இன்னொரு லாபமும் உண்டு. ஏ3 தாளை 300 டிபிஐயில் அச்சிட 3508க்கு 4961 புள்ளி வேண்டும். பல கருவிகள் தருவதோ அதைவிடக் குறைவுதான். கடலைப் பெரிதாக்கினால் யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள், எழுத்தைப் பெரிதாக்கினால் விளிம்பு மங்கும். இங்க்ஸ்கேப் போன்ற மென்பொருளில் தனியாக வைத்த எழுத்து எந்த அளவிலும் கூர்மையாக நிற்கும். அச்சுக்குக் கொடுக்கும் பிரதியில் மட்டும் `Path > Object to Path` கொடுத்து எழுத்தைக் கோடாக மாற்றிவிடுங்கள். கடைக்காரரிடம் உங்கள் ஃபொன்ட் இல்லாவிட்டாலும் அது மாறாது. மாற்றாத பிரதியைக் கையோடு வைத்திருங்கள். அடுத்த சீசனில் விலையும் தொலைபேசி எண்ணும் மாறும்போது அந்த வரியைத் தட்டினால் போதும், கடலைப் புதிதாக வரைய வேண்டாம்.