கிரிவலப் பாதைமேல் போட்ட பழி

குழந்தைக்குக் காலையில் தும்மல் ஆரம்பித்தால் திருவண்ணாமலையில் எங்கள் வாயில் வரும் முதல் பேச்சு இதுதான்: "பௌர்ணமி முடிஞ்சுதில்ல, அந்தத் தூசி." லட்சக்கணக்கான சனம் வந்துபோகிறது, 14 கிலோமீட்டர் பாதையில் விடிய விடிய நடக்கிறது, பஸ்ஸும் ஆட்டோவும் ஓய்வதில்லை. பழியைப் போட அதைவிட வசதியான இடம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. பௌர்ணமி போய்ப் பத்து நாள் ஆன பிறகும் மூக்கு ஏன் ஒழுகுகிறது என்று கேட்கவில்லை. மாலையெல்லாம் தெருவில் புழுதியில் புரளும்போது தும்மாத பிள்ளை, படுக்கையிலிருந்து எழும்போது மட்டும் ஏன் ஏழெட்டுத் தும்மல் விடாமல் போடுகிறது என்றும் கேட்கவில்லை. நானும்தான்.

அந்தக் காலை நேரத் தும்மலிலேயே பாதி பதில் இருந்தது. வீட்டுத் தூசி ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் காரணம் ரோட்டு மண் இல்லை. மெத்தையிலும் தலையணையிலும் குடியிருக்கும் தூசிப்பூச்சி. கண்ணுக்குத் தெரியாத அளவு, கால் மில்லிமீட்டர் சுமார். நம் உடம்பிலிருந்து உதிரும் தோல்தூளைத் தின்று, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வாழ்கிறது. கடிக்காது. அதன் எச்சத்தில் இருக்கும் புரதம்தான் மூக்கைக் கிளறுகிறது. நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் 1964-லேயே இந்தப் பூச்சியைக் கைகாட்டிவிட்டார்கள். நாங்கள்தான் இன்னும் கிரிவலப் பாதையைக் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் பாட்டிமார் பிள்ளையைக் கோரைப்பாயில் போட்டார்கள். பாயில் பூச்சி ஒளிய ஆழம் கிடையாது. உதறலாம், கழுவலாம், வெயிலில் நிறுத்தலாம். நாங்கள் இலவம்பஞ்சு மெத்தைக்குப் போனோம், அங்கிருந்து ஃபோம் மெத்தைக்கு. மெத்தையில் தப்பில்லை. வாங்கிய நாளிலிருந்து அதைத் திருப்பிக்கூடப் போடாமல், பிள்ளை மூத்திரம் போன இடத்தில் மேலே ஒரு டவலை விரித்து மூடிக்கொண்டோமே, அதுதான் எங்கள் சாமர்த்தியம்.

தீபத்தின்போது இன்னும் மோசம். கார்த்திகை வடகிழக்குப் பருவமழை மாதம், காற்றில் ஈரம் ஏறும், பூச்சிக்குக் கொண்டாட்டம். அதே வாரத்தில்தான் வீடு நிறைய உறவுக்காரர்கள் வருவார்கள். ஒரு வருஷம் பரணில் கிடந்த போர்வை, தலையணை எல்லாம் இறங்கும். இரண்டு தட்டுத் தட்டி, துவைக்காமல் கூடத்தில் விரிப்போம். அந்தக் கூட்டத்துக்கு நடுவே கைக்குழந்தை உருளும். மறுநாள் மூக்கு ஒழுகினால், மலையேறி வந்த மாமாவிடமிருந்து சளி ஒட்டிக்கொண்டது என்போம்.

எங்கள் தெருவில் இரண்டரை வயதுப் பெண் ஒருத்தி. காய்ச்சல் இல்லை. மூக்கிலிருந்து தண்ணீர் மாதிரிதான் வரும், மஞ்சள் சளி இல்லை. உள்ளங்கையால் மூக்கின் நுனியை மேல்நோக்கித் தேய்த்துக்கொண்டே இருப்பாள். கண்ணுக்குக் கீழே கருமை, இரவில் வாயைத் திறந்து தூக்கம். செங்கம் பக்கம் ஆயா வீட்டுக்குப் போனால் சில நாளில் மூக்கு காய்ந்துவிடும்; திரும்பி வந்து ஒரு ராத்திரி படுத்தால் பழையபடி. "ஊர்க்காத்து ஒத்துக்குது" என்று எல்லோரும் சேர்ந்து சொன்னோம். ஆயா வீட்டில் அவள் பாயில் படுக்கிறாள் என்பது எங்கள் கண்ணில் படவே இல்லை. சாதாரணச் சளி ஒரு வாரம், பத்து நாளில் அடங்கும். இடத்துக்கு இடம் மாறும், நேரம் பார்த்து வரும், அரிப்போடு வரும் மூக்கொழுகல் வேறு. குழந்தை மருத்துவர் அதைத்தான் கேட்டறிந்தார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் செய்தது பெரிய செலவு இல்லை. தலையணை உறை, விரிப்பு, போர்வை மூன்றும் வாரம் ஒருமுறை சுடுநீரில். வெதுவெதுப்பான தண்ணீரில் பூச்சி சாகாது. 60 டிகிரி வேண்டும். அடுப்பில் தெர்மாமீட்டர் வைக்க முடியாதே, அதனால் அண்டாவில் துணியைப் போட்டு, இரண்டு பங்கு கொதிநீருக்கு ஒரு பங்கு குழாய்த் தண்ணீர் ஊற்றி மூடி அரைமணி நேரம் ஊறவிடுகிறார்கள், அதுவரை பிள்ளையை அந்தப் பக்கம் வரவிடாமல். பஞ்சுக் கரடிபொம்மையை வெந்நீரில் போட்டால் உருக்குலைந்துவிடும். அதைப் பாலித்தீன் பையில் கட்டி ஒரு முழுநாள் ஃப்ரீசரில் வைத்துவிட்டுத் துவைக்கிறார்கள்.

மெத்தையை மொட்டைமாடி வெயிலில் போடுவது நல்லதுதான். ஆனால் அது மட்டும் போதும் என்று நாங்கள் நம்பியது தப்பு. மேலே சூடேறினால் பூச்சி உள்ளே இறங்கிவிடும்; செத்தாலும் எச்சம் அங்கேயேதான் இருக்கும். அதனால் ஜிப் வைத்த நெருக்கமான துணியுறை போட்டு மெத்தையை முழுசாக மூடினார்கள். இந்த உறைக்கும் ஓர் எல்லை உண்டு. 2003-ல் நெதர்லாந்தில் நடந்த ஆய்வில் உறை மட்டும் போட்டவர்களின் மூக்குத் தொல்லை குறையவில்லை. துவைப்பதும் துடைப்பதும் கூடவே வேண்டும்.

துடைப்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளை தரையில் தவழும் நேரத்தில்தான் நாங்கள் பூந்துடைப்பத்தால் கட்டிலுக்கு அடியில் சரசரவென்று கூட்டினோம். ஃபேன் இறக்கையை உலர்ந்த துணியால் தட்டி, அத்தனையையும் கட்டில்மேலேயே கொட்டினோம். பூச்சியின் எச்சம் கனமானது, கிளப்பினால் எழும், அரைமணி நேரத்தில் அடங்கிவிடும். ஆகவே பிள்ளையை வெளியே விட்டு, ஈரத்துணியால் துடைத்து, கொஞ்ச நேரம் கழித்து உள்ளே விட்டால் போதும்.

இத்தனை செய்தும் முதல் இரண்டு வாரம் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. அப்புறம்தான் கட்டிலுக்கு அடியில் புகைந்துகொண்டிருந்த கொசுவர்த்தியைக் கவனித்தோம். சீனா, மலேசியாவில் விற்ற சுருள்களைச் சோதித்து 2003-ல் வெளியான ஆய்வு ஒன்று, ஒரு சுருள் எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்றது. புகை ஒவ்வாமையை உண்டாக்குவதைவிட, ஏற்கெனவே வீங்கிய மூக்கை எரிச்சலாக்குகிறது. எண்ணெய்க் குளியல் முடிந்து பிள்ளையின் தலைக்குமேல் பிடிக்கும் சாம்பிராணியும், கதவைச் சாத்தி ஏற்றும் ஊதுவத்தியும் அதே வகை. கோயில் ஊரில் இதைச் சொல்ல எனக்கே தயக்கம். சாமிக்குப் புகை போடலாம். பிள்ளை தூங்கும் அறையில் வேண்டாம். அந்த வீட்டில் கொசுவலை கட்டினார்கள். ஒன்றரை மாதத்தில் காலைத் தும்மல் ஒன்றிரண்டாகக் குறைந்தது. மழை நாளில் இன்னமும் கொஞ்சம் இருக்கிறது.

மெடிக்கல் கடையில் "சளிக்கு ஒரு சிரப்" என்று கேட்டு வாங்கிக் கொடுத்ததும் நாங்களேதான். குளோர்ஃபெனிரமினும் ஃபினைல்எஃப்ரினும் கலந்த சளி மருந்து நான்கு வயதுக்குக் கீழே கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டிருக்கிறது. மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு போடலாம்; மற்றதை மருத்துவர் எழுதட்டும். இரவில் இருமலும் இளைப்பும் இருந்தாலும், ஒரு பக்க மூக்கிலிருந்து மட்டும் நாற்றமடிக்கும் சளி வந்தாலும் காத்திருக்காதீர்கள். இரண்டாவதற்குக் காரணம் பிள்ளை மூக்கில் திணித்துக்கொண்ட கடலையாக இருக்கலாம்.

இந்தக் கார்த்திகைக்கு உறவுக்காரர்கள் வந்த பிறகு பரணில் ஏறாதீர்கள். இரண்டு வாரம் முன்பே போர்வைகளை இறக்கி, வெந்நீரில் ஊறவைத்துக் காயப்போடுங்கள்.