காணிக்கை QR வீடியோ: "மூனே தட்டல்"னு சொல்றது யாருக்கு?

கொஞ்சம் நீளமாதான் எழுதறேன், பொறுமையா படிங்க. யார் மனசையும் புண்படுத்த இல்ல. ஆனா சொல்லாம இருக்கவும் முடியல.

திருவிழா வந்தா இப்ப எல்லா குரூப்லயும் ஒரு சின்ன வீடியோ சுத்துது. "மூனே தட்டல், 30 நொடியில உங்க காணிக்கை ஆலயத்துக்கு!" பாட்டு போட்டு, கலர் எழுத்து போட்டு, பசங்க அழகாதான் செய்றாங்க. ஆப்பைத் திறக்குறாங்க, DuitNow QR-ஐ ஸ்கேன் பண்றாங்க, 10 வெள்ளி தட்டறாங்க, பச்சை டிக் வந்துடுது. முடிஞ்சது.

ஏற்கெனவே பழகினவங்களுக்கு இந்த வீடியோ தேவையே இல்ல. தேவைப்படுறது தோட்டத்துப் பக்கம் இருக்கற அக்காமார்களுக்கும் ஆயாமார்களுக்கும்தான். அவங்களுக்கு இது உதவாதுன்னு நான் அடிச்சு சொல்றேன்.

ஏன்னா வீடியோ நடுவுல இருந்து ஆரம்பிக்குது. முதல் ஃபிரேம்லயே ஆப் லாகின் ஆகி நிக்குது. அதுக்கு ஒரு காரணம் இருக்கு, அதையும் நியாயமா சொல்லிடறேன். பேங்க் ஆப்புங்க பாதுகாப்புக்காக ஸ்கிரீன் ரெக்கார்டிங்கைத் தடுத்து வச்சிருக்கும். பாஸ்வர்ட் பக்கத்தை ரெக்கார்ட் பண்ணா வெறும் கறுப்புதான் வரும். அதனால பசங்க அந்தப் பகுதியை வெட்டிடறாங்க. ஆனா வெட்டிப் போட்ட அந்தப் பகுதியிலதான் புது ஆளு மாட்டிக்கிறாங்க.

பீடோங் பக்கம் ஒரு அக்கா, வயசு அறுபதைத் தாண்டிடுச்சு. மகன் வாங்கிக் கொடுத்த ஆண்ட்ராய்டு கைப்பேசி. பக்கத்துல உக்காந்து, அவங்க கையாலயே செய்ய விட்டு, நான் நோட்டுல குறிச்சுக்கிட்டே வந்தேன். Play Store-ல ஆப்பைத் தேடி இறக்கினது, ஏடிஎம் கார்டு நம்பரும் பின்னும் போட்டது, யூசர்நேம், பாஸ்வர்ட், எஸ்எம்எஸ்ல வந்த TAC நம்பர், கைப்பேசியைப் பதிவு செஞ்சது. எழுத்து அடிச்சதை விட்டுட்டு தட்டல் மட்டும் எண்ணினா நாற்பதுக்கு மேல. அதுக்கப்புறம் ஆப் என்ன சொல்லுச்சு தெரியுமா? 12 மணி நேரம் காத்திருங்கன்னு.

இது ஆப்போட கோளாறு இல்ல. மோசடி அதிகமானதால 2022 செப்டம்பர்ல பேங்க் நெகாரா அறிவிச்ச பாதுகாப்பு நடவடிக்கைகள்ல இதுவும் ஒன்னு. புதுசா பதிவு செஞ்சா கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கணும். அதுக்குள்ள உண்மையான கணக்குக்காரர் விழிச்சுக்கலாம். நல்ல விஷயம்தான். ஆனா "30 நொடி"ன்னு வீடியோவுல பார்த்துட்டு, அர்ச்சனை வரிசையில நின்னு பதிவு செய்ய ஆரம்பிக்கிற ஆயாவுக்கு இது யாரு சொன்னா? தன்னாலதான் கெட்டுப்போச்சுன்னு அவங்க நினைச்சுக்குவாங்க. அப்புறம் அந்த ஆப்பைத் தொடவே மாட்டாங்க.

அடுத்து, கேமரா. முதல் தடவை ஸ்கேன் அழுத்தினா கேமராவுக்கு அனுமதி கேக்கும். "While using the app", "Only this time", "Don't allow"னு மூனு வரி வரும். "முன்பின் தெரியாததை அழுத்தாதே"ன்னு பிள்ளைங்க சொல்லி வச்சிருப்பாங்க. அதனால நம்ம ஆளுங்க "Don't allow" அழுத்துவாங்க. புது ஆண்ட்ராய்டுல ரெண்டு தடவை மறுத்துட்டா, மூனாவது தடவை கேக்கவே கேக்காது. வெறும் கறுப்புத் திரைதான். Settings-க்குப் போய், Apps-ல அந்த ஆப்பைத் தேடி, Permissions-ல கேமராவைத் திறந்து விடணும். வீடியோ எடுத்தவரு கைப்பேசியில இந்தக் கேள்வி எப்பவோ முடிஞ்சு போச்சு. அதனால அவருக்கு ஞாபகமே வரல.

இப்ப தொகை. கடையில சில இடத்துல ஸ்கேன் பண்ணா தொகை தானாவே வந்துடும். நம்ம கோயில்ல அட்டையில அச்சடிச்சு ஒட்டின QR, அதனால தொகையை நாமதான் போடணும். சில ஆப்புல எண்ணு காசுல இருந்து ஏறும். 1, 0 அழுத்தினா 0.10, அதாவது பத்து காசு. பத்து வெள்ளிக்கு 1, 0, 0, 0 அழுத்தணும். சில ஆப்புல 10-ன்னு போட்டாலே பத்து வெள்ளி. ஒன்னுல பழகி இன்னொன்னுல தட்டினா பத்து காசும் போகலாம், ஆயிரம் வெள்ளியும் போகலாம். வீடியோவுல அந்த இடம் அரை நொடியில பறந்துடுது.

நான் தொழிற்சாலையில சூப்பர்வைசர். புது ஆபரேட்டருக்கு ஓடிக்கிட்டிருக்கிற மெஷினைக் காட்டி "பச்சை பட்டனை அழுத்து"ன்னு சொல்லிட்டுப் போனா அது டிரெய்னிங்கா? நின்னுபோன மெஷின்ல இருந்து ஆரம்பிக்கணும். முதல் பீஸ் வந்ததும், அது நல்ல பீஸா ரிஜெக்டான்னு அவனே பார்த்துச் சொல்லத் தெரியணும். அதுவரைக்கும் அவன் கத்துக்கல.

இங்கயும் அப்படித்தான். பச்சை டிக் வந்தா மட்டும் முதல் பீஸ் நல்லதாயிடாது. பணம் சரியான இடத்துக்குப் போச்சான்னு பெயரைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். உறுதி செய்றதுக்கு முன்னால திரையில வாங்குறவர் பெயர் வரும். நாம "முனீஸ்வரர் கோயில்"னு கூப்பிடுவோம், அங்க பதிவான பெயர் மலாய்ல "PERSATUAN"னு ஆரம்பிக்கலாம். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்தினவங்களும் உண்டு. பார்க்காமலே அழுத்துறவங்களும் உண்டு. யாராவது நம்ம QR மேல தன்னோட ஸ்டிக்கரை ஒட்டிட்டா, பிடிச்சுக் கொடுக்கறது அந்தப் பெயர் ஒன்னுதான். வீடியோவுல அந்தப் பக்கத்துல குறைஞ்சது அஞ்சு நொடி நிறுத்துங்க தம்பி. பதிவான பெயரைப் பெருசா எழுதுங்க.

"நீளமா போட்டா யாரும் பார்க்க மாட்டாங்க அங்கிள்"னு சொல்றாங்க. சரி, ஒரே வீடியோவா போடாதீங்க, ரெண்டா போடுங்க. முதல்லது "இன்னிக்கு வீட்டுல செய்றது": Play Store, பதிவு, கேமரா அனுமதி, காத்திருக்கிற நேரம். ரெண்டாவது "நாளைக்கு கோயில்ல செய்றது": ஸ்கேன், தொகை, பெயர், உறுதி, ரசீது. யூடியூப் ஷார்ட்ஸ்ல 2024 அக்டோபர்ல இருந்து மூனு நிமிஷம் வரைக்கும் போடலாம். இடம் இல்லைன்னு சொல்ல முடியாது.

எடுக்கும்போது இன்னும் ரெண்டு விஷயம். பாஸ்வர்ட் பக்கம் ரெக்கார்ட் ஆகலைன்னா, இன்னொரு கைப்பேசியால மேல இருந்து எடுங்க, பொய் நம்பர் போட்டுக் காட்டுங்க. விரல் எங்க படுதுன்னும் தெரியும். அப்புறம், ஷார்ட்ஸ்ல கீழ தலைப்பும் வலது பக்கம் லைக் பட்டனும் மறைக்கும். ஆப்புல உறுதி பட்டன் பெரும்பாலும் கீழதான் இருக்கு. அழுத்த வேண்டிய பட்டனையே மறைச்சுட்டு "இங்க அழுத்துங்க"ன்னு சொன்னா எங்க அழுத்துறது? படத்தைச் சின்னதாக்கி மேல தள்ளி வைங்க.

போடுறதுக்கு முன்னால ஒரு சோதனை வைங்க. ஆப்பே இல்லாத ஒரு கைப்பேசி, இதுவரைக்கும் செய்யாத ஒரு பெரியவங்க. வீடியோவை மட்டும் காட்டிட்டு நீங்க வாயைத் திறக்காதீங்க. எங்க நிக்குறாங்களோ, அந்த இடம் வீடியோவுல இல்லைன்னு அர்த்தம்.

இதை ஏன் இவ்வளவு கோபமா எழுதறேன்னா, மோசடிக்காரனும் இதே மாதிரி "சில தட்டல்தான்"னு வீடியோ போடறான். வாட்சாப்புல APK அனுப்பி இறக்கச் சொல்றான். கேக்கறதுக்கெல்லாம் "Allow" அழுத்தச் சொல்றான். யோசிக்காம வேகமா தட்டறதை நம்ம ஆலய வீடியோவே பழக்கி விடக்கூடாது. ஆலயம் எந்த ஆப்பையும் வாட்சாப்புல அனுப்பாதுன்னு வீடியோவுல ஒரு வரி சேருங்க. பணம் போயிட்டா உடனே 997-க்கு அழைக்கணும்னு இன்னொரு வரி சேருங்க.

உண்டியல் எப்பவும் போல இருக்கு. காசாப் போடுறவங்க தாராளமா போடுங்க, வெக்கப்பட ஒன்னும் இல்ல. QR-ல போட விரும்புற பெரியவங்க, விழாவுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாலயே கைப்பேசி, ஏடிஎம் கார்டு எடுத்துக்கிட்டு பிள்ளைங்களோட உக்காருங்க. பின் நம்பரை வெளியாள் யாருக்கும் சொல்லாதீங்க, எங்களை மாதிரி தொண்டருக்கும் சேர்த்துத்தான்.

வீடியோ செய்ற தம்பி தங்கச்சிகளே, திரும்ப எடுங்க. சோதனைக்கு ஆள் வேணும்னா சொல்லுங்க, நான் அக்காவைக் கூட்டிட்டு வரேன்.

வேல் முருகா.