மூன்று சாட்சியா, ஒரே சாட்சியின் மூன்று குரலா? சுதர்சன சக்கரமும் ‘உறுதி’ என்னும் சொல்லும்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில் தமிழக எல்லைக்கு முன்னுள்ள ஊர் அத்திபெலே. எல்லைக்கு இருபுறமும் உறவும் பெண் கொடுத்தலும் தொடரும் இத்தகைய ஊர்களில் பொருத்தம் பார்க்கும்போது, விவாதத்தை முடித்துவைக்கும் வாக்கியம் ஒன்று உண்டு: “லக்னத்திலிருந்தும் பார்த்தாயிற்று, சந்திரனிலிருந்தும் பார்த்தாயிற்று, சூரியனிலிருந்தும் பார்த்தாயிற்று.” அதன் பிறகு பெண் வீட்டார் பேசுவதற்கு ஒன்றுமில்லை. ஒரு பெண்ணின் திருமணம் அந்த வாக்கியத்தோடு நின்றுவிடக்கூடும். ஆகவே, மூன்று இடங்களிலிருந்து பார்ப்பது எப்போது உறுதிப்படுத்தலாகும், எப்போது ஆகாது என்ற கேள்வி சோதிடத்தை நம்புவோருக்கும் நம்பாதோருக்கும் பொதுவானது.

இம்முறைக்குச் சுதர்சன சக்கரம் என்று பெயர். இன்று பரவலாகப் பயிலப்படும் பிருஹத் பாராசர ஹோரா சாஸ்திரத்தில் இதற்கெனத் தனி அத்தியாயமே உள்ளது. ஒரே மையத்தில் மூன்று வட்டங்கள் வரைந்து, அவற்றைப் பன்னிரண்டு கூறுகளாகப் பிரிக்க வேண்டும். உள்வட்டத்தில் லக்னம் முதல் பாவம். நடுவட்டத்தில் சந்திரன் நின்ற ராசி முதல் பாவம். வெளிவட்டத்தில் சூரியன் நின்ற ராசி முதல் பாவம். மூன்று முதல் பாவங்களும் ஒரே கூறில் நேராக அமையும். பிறகு எந்தப் பாவத்தை ஆராய்ந்தாலும், அந்தக் கூறில் உள்ள மூன்று ராசிகளையும் அவற்றில் நின்ற, அவற்றைப் பார்க்கும் கிரகங்களையும் சேர்த்தே பலன் சொல்ல வேண்டும். உடல், மனம், ஆன்மா ஆகிய மூன்றும் ஒருமித்துச் சொன்னால்தான் பலன் உறுதி என்று மரபு இதனை விளக்குகிறது.

நடைமுறையில் பெரும்பாலும் மறக்கப்படுவது அதே அத்தியாயத்தில் உள்ள ஒரு நிபந்தனை. லக்னம், சந்திரன், சூரியன் மூன்றும் வெவ்வேறு ராசிகளில் இருந்தால் மட்டுமே இச்சக்கரத்தால் பலன் சொல்ல வேண்டும். அவற்றில் இரண்டோ மூன்றோ ஒரே ராசியில் இருந்தால் பிறப்புச் சாதகத்தை மட்டும் கொண்டே பலன் கூற வேண்டும் என்கிறது நூல். காரணம் வெளிப்படையானது. அமாவாசையை ஒட்டிப் பிறந்தவருக்குச் சந்திரனும் சூரியனும் பெரும்பாலும் ஒரே ராசியில் இருக்கும். சூரியன் உதிக்கும் வேளையில் பிறந்தவருக்கு லக்னமும் சூரியனும் ஒன்றாகும். அங்கே இரண்டு வட்டங்கள் ஒன்றின் மீது ஒன்று படிந்துவிடுகின்றன. மூன்று கருத்துகள் இல்லை, இரண்டே உள்ளன.

இந்த நிபந்தனை எத்தனை பேரைத் தொடும்? மூன்று புள்ளிகளும் பன்னிரண்டு ராசிகளில் சமமாகப் பரவும் என்று கொண்டால், மூன்றும் வேறுபடும் வாய்ப்பு 144-இல் 110. அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 76. நான்கில் ஒருவருக்கு இம்முறை பொருந்தாது என்று அதன் மூலநூலே சொல்கிறது என்பதே இதன் பொருள். பொருத்தம் பார்க்கும் இடங்களில் இந்தச் சோதனை முதலில் செய்யப்படுகிறதா என்று எவரும் கேட்பதில்லை.

மூலநூலின் எச்சரிக்கையை இன்னும் ஒரு படி நீட்ட வேண்டியுள்ளது. ராசிகள் வேறுபட்டாலும் சாட்சிகள் தனித்தனியாக இருப்பதில்லை. வானியல் கணக்கின்படி, பூமியிலிருந்து பார்க்கையில் புதன் சூரியனை விட்டு ஏறத்தாழ 28 பாகைக்கு மேல் விலகாது. சுக்கிரன் ஏறத்தாழ 47 பாகைக்கு மேல் விலகாது. ஆகவே வெளிவட்டத்தில் புதன் எப்போதும் பன்னிரண்டு, ஒன்று, இரண்டு என்னும் பாவங்களுக்குள்ளும், சுக்கிரன் பதினொன்று முதல் மூன்று வரையிலான ஐந்து பாவங்களுக்குள்ளும் அடங்கிவிடும். களத்திர பாவமான ஏழில் சுக்கிரன் நிற்பதைச் சூரியனிலிருந்து எண்ணி எவராலும் காண முடியாது. புதன் சூரியனுக்கு அருகே இருப்பதைச் சூரிய வட்டம் ‘உறுதி செய்கிறது’ என்பதோ, சூரியன் சூரியனோடு இருக்கிறது என்று சொல்வதற்கு ஏறக்குறைய ஒப்பானது. சில பலன்கள் இங்கே ஒருபோதும் உறுதியாகா. சில எப்போதும் உறுதியாகும். இரண்டுமே சாட்சியாகா.

அடுத்தது எண்ணும் விதி. செவ்வாய் தோஷத்தை எடுத்துக்கொள்ளலாம். தமிழ் வழக்கில் 2, 4, 7, 8, 12 ஆகிய ஐந்து இடங்களில் செவ்வாய் நின்றால் தோஷம் என்பர். ஒரு புள்ளியிலிருந்து மட்டும் எண்ணினால் பன்னிரண்டில் ஐந்து, அதாவது நூற்றுக்கு 42 பேர் அதில் அகப்படுவர். மூன்று புள்ளிகளையும் தனித்தனி என்று பேச்சுக்குக் கொண்டு கணக்கிட்டால், மூன்றிலிருந்தும் தோஷம் காணப்படுவோர் நூற்றுக்கு 7 பேர். இரண்டிலிருந்தேனும் காணப்படுவோர் 38 பேர். ஏதேனும் ஒன்றிலிருந்து காணப்படுவோர் 80 பேர்.

இந்த நான்கு எண்களுக்குள்தான் முழுச் சிக்கலும் அடங்கியுள்ளது. மூன்றும் ஒத்துச் சொல்ல வேண்டும் என்று கொண்டால் சுதர்சன சக்கரம் ஒரு கடிவாளம். 42 பேரை 7 பேராகக் குறைக்கிறது. எதில் கிடைத்தாலும் சரி என்று கொண்டால் அதுவே ஒரு வலை. 42 பேரை 80 பேராகப் பெருக்குகிறது. வரையப்படும் சக்கரம் ஒன்றே, சொல்லப்படும் வாக்கியமும் ஒன்றே. “மூன்றிலிருந்தும் பார்த்தாயிற்று” என்பவர் மூன்றிலும் கண்டாரா, மூன்றில் தேடி ஒன்றில் கண்டாரா என்பது மட்டும் வெளியே தெரிவதில்லை.

எல்லோரும் அறிந்த ஒருவரின் சாதகத்தில் இம்முறையை நடத்திப் பார்க்கலாம். இந்திரா காந்தி 1917 நவம்பர் 19 அன்று இரவு அலகாபாத்தில் பிறந்தார். சோதிட நூல்களில் பரவலாகப் புழங்கும் அவரது சாதகத்தில் லக்னம் கடகம், சந்திரன் மகரம், சூரியன் விருச்சிகம். மூன்றும் வெவ்வேறு ராசிகள்; மூலநூலின் நிபந்தனை நிறைவேறுகிறது. சனி கடகத்தில், குரு ரிஷபத்தில், செவ்வாய் சிம்மத்தில், சுக்கிரனும் இராகுவும் தனுசில்.

சுதர்சன முறைக்கு உரிய தசையும் உண்டு. வயதின் முதல் ஆண்டு முதல் பாவத்துக்கு, இரண்டாம் ஆண்டு இரண்டாம் பாவத்துக்கு எனச் சென்று பன்னிரண்டு ஆண்டில் ஒரு சுற்று முடியும். எனவே நடப்பு வயதைப் பன்னிரண்டால் வகுத்த மீதியே அவ்வாண்டின் பாவம். 1960 செப்டம்பர் 8 அன்று பெரோஸ் காந்தி மறைந்தபோது இந்திராவுக்கு 43-ஆம் வயது நடந்துகொண்டிருந்தது. 43-இல் 36 போக மீதி ஏழு. களத்திர பாவ ஆண்டில் கணவரின் மரணம். லக்னத்துக்கு ஏழான மகரத்தைச் சனி பார்க்கிறது. சந்திரனுக்கு ஏழான கடகத்தில் சனியே நிற்கிறது. சூரியனுக்கு ஏழான ரிஷபத்தின் அதிபதி சுக்கிரன் இராகுவோடு கூடியுள்ளது. மூன்று வட்டங்களும் ஒரே குரலில் பேசுவதாகத் தோன்றும். வகுப்பறையில் இதைக் கரும்பலகையில் எழுதிக்காட்டினால் மாணவர்கள் வியப்பார்கள்.

ஆனால் ஏழாம் பாவ ஆண்டு ஒருமுறை மட்டும் வருவதில்லை. 19-ஆம் வயதிலும் அதுவே நடந்தது. 1936 பிப்ரவரியில் தாய் கமலா நேரு மறைந்தார். 55-ஆம் வயதிலும் அதுவே நடந்தது. 1971 டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது, அவரது அரசியல் வாழ்வின் உச்சம். 67-ஆம் வயதிலும் அதுவே. 1984 அக்டோபர் 31 அன்று அவர் கொல்லப்பட்டார். ஒரே பாவம், ஒரே மூன்று ராசிகள், ஒரே கிரகங்கள். கணவர் மரணம், தாய் மரணம், போர் வெற்றி, தன் மரணம். ஒவ்வொன்றுக்கும் விளக்கம் ஆயத்தமாக உள்ளது. தாய்க்கு, ஏழு என்பது நான்குக்கு நான்கு. போருக்கு, ஏழு எதிராளியின் இடம்; அங்கே ரிஷபத்தில் குரு நிற்கிறது. தன் மரணத்துக்கு, ஏழு மாரக ஸ்தானம். 1960-இல் சனியை அழைத்தோம். 1971-இல் குருவை அழைக்கிறோம். நிகழ்ந்தது என்னவென்று தெரிந்த பிறகே எந்தச் சாட்சியை அழைப்பது என்பது முடிவாகிறது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இச்சாதகத்தில் சந்திரன் லக்னத்துக்கு நேர் ஏழில் உள்ளது. ஆகவே லக்னத்தின் ஏழு மகரம், சந்திரனின் ஏழு கடகம். அதே இரண்டு ராசிகள், அதே சனி, அதே சந்திரன், முன்பின்னாக மாறி எண்ணப்படுகின்றன. ராசிகள் வேறு என்பதால் மூலநூலின் நிபந்தனை இதைத் தடுப்பதில்லை. ஆனாலும் ஏழாம் பாவத்தைப் பொறுத்தவரை இது இரண்டு சாட்சியன்று. ஒரே சாட்சி இரண்டு முறை கூண்டில் ஏறுவது.

இதற்குச் சோதிட ஆர்வலர் ஒரு நியாயமான மறுப்பைச் சொல்லலாம்: சுதர்சன தசை மட்டும் தனியே பலன் தராது, விம்சோத்தரி தசையும் கோசாரமும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சேர்க்கலாம். ஆனால் சேர்க்கும் ஒவ்வொன்றும் அழைக்கத்தக்க சாட்சிகளைப் பெருக்குகிறது. எவரை அழைப்பது, எவரை அழையாது விடுவது என்ற விதி முன்னரே எழுதப்படாவிட்டால் பிடி இறுகாது, இன்னும் தளரும்.

அந்த முன் விதிதான் கேட்கப்பட வேண்டியது. மூன்று ராசிகளும் வேறுதானா என்பதை முதலில் எழுத வேண்டும். எந்தக் கேள்வி, எந்தப் பாவம், எத்தனை வட்டங்கள் ஒத்துவந்தால் ‘ஆம்’ என்பதைச் சாதகத்தைத் திறப்பதற்கு முன்பே எழுத வேண்டும். ஒத்துவராத வட்டத்தையும் பலனோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜயந்த் நார்லிகர் புனேயில் நடத்திய சோதனையில் 27 சோதிடர்களிடம் சாதகங்கள் மட்டும் தரப்பட்டன. உரியவர் அறிவில் சிறந்த மாணவரா, மனவளர்ச்சி குன்றிய குழந்தையா என்பது மறைக்கப்பட்டது. சரியான விடைகள் 46 விழுக்காடு; நாணயம் சுண்டினாலும் அதைவிடக் குறையாது. சுதர்சன சக்கரத்துக்கென்று அப்படியொரு சோதனையை வடிவமைப்பது கடினமன்று. நிபந்தனையை மூலநூலே தந்திருக்கிறது.

அதுவரை, அத்திபெலேயில் சாதகத்தோடு திரும்பும் ஒரு குடும்பம் கேட்கக்கூடிய கேள்வி எளியது: “மூன்றிலும் இருக்கிறதா, மூன்றில் ஒன்றிலா?” கடிவாளமாக இருக்க வேண்டிய முறை வலையாக வீசப்பட்டதா என்பதை அந்த ஒரு கேள்வியின் விடையே காட்டிவிடும்.