"ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்றது"ன்னு ஆப்ல போட்டிருக்கா? அந்தப் பதிவு யாரோடது?

தோழர்களே, போன வாரம் நம்ம பக்கத்துல கடன் ஆப் மிரட்டல் பத்திப் பதிவு போட்டதும் கமெண்ட்ல ஒரு கூட்டம் வந்து வகுப்பு எடுத்துச்சு. "பதிவு பெற்ற ஆப்பா பார்த்து வாங்க வேண்டியதுதானே? படிச்சுப் பார்க்காம வாங்கினா அது யார் தப்பு?"

சரி, படிச்சுப் பார்த்தே வாங்கின ஒருத்தன் கதையைச் சொல்றேன். என் கூட இன்ஜினியரிங் படிச்சவன், பைக் ஷோரூம்ல வேலை. அம்மாவுக்கு ஸ்கேன் எடுக்க அவசரமா பணம் தேவைப்பட்டுச்சு. ஒரு ஆப்ல 5,000 ரூபாய் கேட்டான். அவன் ஒண்ணும் ஏமாளி இல்ல. ஆப்போட விதிமுறைப் பக்கத்துல "எங்கள் கடன் பங்குதாரர்"னு ஒரு என்.பி.எஃப்.சி பேர் இருந்துச்சு. ரிசர்வ் வங்கி தளத்துல இருக்கிற பட்டியல்ல தேடிப் பார்த்தான், பேர் இருந்துச்சு. அப்புறம்தான் ஓகே அழுத்தினான்.

கைக்கு வந்தது 3,100. ஏழாவது நாள் 5,000 கட்டணும். "பிராசஸிங்"னு 1,900 முன்கூட்டியே பிடிச்சுட்டாங்க. 3,100 ரூபாய்க்கு ஒரு வாரத்துக்கு 1,900ன்னா வாரத்துக்கு 61 சதவீதம். வருஷக் கணக்குல போட்டா 3,000 சதவீதத்தைத் தாண்டும். ஊர்ல நாம திட்டுற கந்துவட்டிக்காரர் இதைப் பார்த்தா வெட்கப்படுவார்.

ஒரு நாள் தவறினதும் அவன் மேனேஜருக்கே போன் போச்சு. அப்போதான் எனக்குச் சொன்னான். ரெண்டு பேரும் உட்கார்ந்து தோண்டினோம்.

அவன் சரிபார்த்தது தப்பு இல்ல, பாதி. "இந்த கம்பெனி ரிசர்வ் வங்கியில் இருக்கா?"ன்னு கேட்டான். "இந்த கம்பெனி இந்த ஆப்பைத் தன்னுடையதுன்னு ஒத்துக்குதா?"ன்னு கேட்கல. யார் வேணும்னாலும் என் வீட்டு விலாசத்தைத் தன் விசிட்டிங் கார்டுல அடிச்சுக்கலாம். நான் கதவைத் திறந்து "ஆமா, இவர் நம்ம ஆளுதான்"னு சொல்லணும்ல?

அதுக்கு விதியே இருக்கு. 2022 செப்டம்பர்ல ரிசர்வ் வங்கி டிஜிட்டல் கடனுக்கு வழிகாட்டுதல் போட்டுச்சு, 2025 மே மாசம் அதை விரிவாக்கிச்சு. கடன் கொடுக்கிற வங்கியோ என்.பி.எஃப்.சி-யோ தனக்காக எந்தெந்த ஆப் வேலை செய்யுது, எந்த இடைத்தரகு கம்பெனி வேலை செய்யுதுன்னு தன் சொந்த இணையதளத்துல பட்டியல் போட்டே ஆகணும். அதனால ஆப்ல இருந்து கம்பெனிக்குப் போறதோட நிறுத்தாதீங்க. கம்பெனி தளத்துக்குப் போய் அங்கிருந்து ஆப்புக்குத் திரும்பி வாங்க. ஆப்ல இருக்கிற லிங்க்கை அழுத்திப் போகாதீங்க, அது போலித் தளத்துக்கே கூட்டிட்டுப் போகலாம். நீங்களே தேடிப் போங்க. நாங்க போனப்போ அந்த என்.பி.எஃப்.சி தளத்துல வேற ரெண்டு ஆப் பேர் இருந்துச்சு. இவன் ஆப் இல்ல.

ரிசர்வ் வங்கியும் 2025 ஜூலையில் இருந்து rbi.org.in தளத்துல Citizen's Corner பகுதியில் கடன் ஆப்களோட பட்டியல் வெச்சிருக்கு. அதுலயும் தேடினோம், இல்ல. பேர் இல்லைன்னா அங்கேயே நிறுத்திக்கலாம். ஆனா பேர் இருந்தா நிம்மதியா தூங்கலாமான்னா, அதுதான் இல்ல. அந்தப் பட்டியல் கடன் கம்பெனிகளே கொடுத்த தகவல். ரிசர்வ் வங்கி அதைச் சரிபார்க்காம அப்படியே ஏத்துது, அதை அவங்களே சொல்லியும் இருக்காங்க. என்ன கொடுமை பாருங்க. மக்கள் நம்பணும்னு பட்டியல், ஆனா அதுக்குப் பொறுப்பு ஏத்துக்க ஆள் இல்ல. இதைக் கேட்க ஒருத்தருக்கும் வாய் வரல, கடன் வாங்கினவனைத் திட்ட மட்டும் வாய் நீளுது. அதோட ஒரே மாதிரி பேர்ல ரெண்டு மூணு ஆப் சுத்துது. ஒரு எழுத்து வித்தியாசம் இருந்தாலும் அது வேற ஆப்தான். ஆப் ஸ்டோர்ல டெவலப்பர் பேரையும் சேர்த்துப் பாருங்க.

இன்னொரு ஏமாத்து வேலை. "அரசுப் பதிவு எண்"னு நீளமா ஒரு நம்பர் போட்டிருப்பாங்க. பாதி நேரம் அது கம்பெனி பதிவு எண்தான், இல்லாட்டி ஜி.எஸ்.டி எண். மிட்டாய் விக்கிற கம்பெனிக்கும் அது உண்டு. கடன் கொடுக்கிற என்.பி.எஃப்.சி-க்கு ரிசர்வ் வங்கி தர்ற பதிவுச் சான்றிதழ் தனி.

இப்போ முக்கியமான இடத்துக்கு வரேன். பேர் பொய் சொல்லும், பேங்க் ஸ்டேட்மென்ட் சொல்லாது. கடன் பணம் கடன் கொடுக்கிற நிறுவனத்தோட கணக்குல இருந்து நேரா உங்க கணக்குக்கு வரணும், நீங்க கட்டுறதும் நேரா அவங்க கணக்குக்கே போகணும், நடுவுல ஆப்காரன் கணக்குக்குள்ள பூந்து வரக்கூடாது. இது விதி. பொருள் வாங்கக் கொடுக்கிற கடன்ல பணம் நேரா கடைக்குப் போகும், அது வேற. தவணை கட்டுறப்போ பேமென்ட் கேட்வே பேர் தெரியலாம், அதுவும் தப்பில்ல. ஆனா நண்பன் ஸ்டேட்மென்ட்ல 3,100 வந்தது "டெக்னாலஜிஸ்"னு முடியற ஏதோ ஒரு கம்பெனியில இருந்து. திருப்பிக் கட்ட அனுப்பின யு.பி.ஐ ஐடியை ஸ்கேன் பண்ணினா ஒரு தனி மனுஷன் பேர் வருது! மறுநாள் வேற ஐடி, வேற பேர். எந்த என்.பி.எஃப்.சி சார் இப்படி வசூல் பண்ணும்?

அந்த என்.பி.எஃப்.சி-யோட குறைதீர்ப்பு அதிகாரிக்குக் கடன் எண்ணோட மெயில் போட்டோம். நாலு நாள்ல பதில் வந்துச்சு: அப்படி ஒரு ஆப் எங்களுக்கு இல்லை, இந்தக் கடன் எங்க கணக்குல இல்லை. அதாவது பேரைத் திருடியிருக்காங்க. அந்த மெயிலையும் ஸ்டேட்மென்டையும் சேர்த்து 1930-ல புகார் கொடுத்தோம், sachet.rbi.org.in-லயும் போட்டோம்.

"சரி, ஆமா எங்க ஆப்தான்"னு கம்பெனி ஒத்துக்கிட்டா? அங்கயும் ஒரு வியாபாரம் இருக்கு. லைசன்ஸை வாடகைக்கு விடுறது. பேர் இவங்களுது. யாருக்குக் கடன், எவ்வளவு வட்டி, எப்படி வசூல்னு முடிவு பண்றது எல்லாம் ஆப்காரன். 2022 மே மாசம் ரிசர்வ் வங்கி அஞ்சு என்.பி.எஃப்.சி-களோட பதிவை ரத்து பண்ணிச்சு. மூணாம் ஆள் ஆப் மூலமா கடன் கொடுத்ததுல விதிமீறல், அநியாய வட்டி, வசூல்ல தொல்லைன்னு காரணம் சொன்னாங்க. அந்த அஞ்சும் அதுவரைக்கும் பட்டியல்ல "பதிவு பெற்றவை"தான் தோழர்களே. பதிவு பார்த்து வாங்குன்னு வகுப்பு எடுத்தவங்க இதுக்குப் பதில் சொல்லட்டும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே காகிதம் போதும். கையெழுத்துக்கு முன்னாடி கடன் கொடுப்பவர் பேர், எல்லாக் கட்டணமும் சேர்த்த ஆண்டு வட்டி வீதம், குறைதீர்ப்பு அதிகாரி விவரம் இருக்கிற முக்கிய விவர அறிக்கையைத் தரணும். ஆப்காரன் கூலியைக் கடன் கம்பெனிதான் தரணும், உங்க பணத்துல பிடிக்கக் கூடாது. அறிக்கை தரலையா, உங்க போன்புக்கைக் கேக்குதா, அன்இன்ஸ்டால் பண்ணுங்க. கான்டாக்ட் லிஸ்டைத் தொடவே இந்த ஆப்களுக்கு அனுமதி கிடையாது.

பதிவு பெற்ற கம்பெனி ஒத்துக்கிட்ட கடன்ல அநியாயம் நடந்தா முதல்ல அந்தக் கம்பெனிக்கு எழுத்துல புகார் கொடுங்க. 30 நாள்ல பதில் வரலைன்னாலும், வந்த பதில் திருப்தி இல்லைன்னாலும் cms.rbi.org.in போங்க. யாராச்சும் இப்போ இந்த நிலைமையில இருந்தா ஆப்பை அழிக்கிறதுக்கு முன்னாடி கடன் எண், மிரட்டல் மெசேஜ், யு.பி.ஐ ஐடி எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க. புகார் எழுதத் தெரியலைன்னா இன்பாக்ஸ் வாங்க, உட்கார்ந்து எழுதித் தரோம்.

#பதிவு_யாருடையது