பூட்டிய பீரோவும் ஆயிரத்துக்கு ஐந்தும்

பிள்ளைகள் கையில் புத்தகத்தைக் கொடுத்தால் அது கிழியும் அல்லது தொலையும், ஆகவே பீரோவில் வைத்துப் பூட்டுவதே அதைக் காப்பாற்றும் வழி என்னும் நம்பிக்கை, தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஆசிரியர், பெற்றோர், அதிகாரி என்ற வேறுபாடின்றி எல்லாரிடமும் வேரூன்றிக் கிடக்கிறது. உதவிபெறும் உயர்நிலைப் பள்ளி ஒன்றின் ஆறாம் வகுப்புப் பெற்றோர் சிலர், வாரம் ஒரு நூலகப் பாடவேளை வேண்டுமென்று தலைமையாசிரியருக்கு அண்மையில் எழுதிய கடிதம், ‘புத்தகம் தொலைந்தால் தணிக்கையில் யார் பதில் சொல்வது?’ என்ற ஒற்றைக் கேள்வியோடு திருப்பி அனுப்பப்பட்டது. அந்தக் கேள்விக்கு விடை இருக்கிறது. அதைத் தேடிப் பார்க்கும் அக்கறைதான் இல்லை.

திருப்பி அனுப்பப்பட்ட கடிதம் பேராசை கொண்டதன்று. 40 மாணவர் கொண்ட ஒரே ஒரு பிரிவில் ஓராண்டு நடத்திப் பார்க்கலாம் என்றும், அதற்கு வாரத்தில் 40 நிமிடம் போதும் என்றும், அந்த நேரத்தை விளையாட்டு வகுப்பிலிருந்து பறிக்காமல் தமிழ்ப் பாடவேளைகளில் ஒன்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்றும் அது சொன்னது. முதல் 5 நிமிடம் பழைய புத்தகங்களைத் திருப்பித் தருவதற்கு, அடுத்த 10 நிமிடம் ஆசிரியர் ஒரு கதையை உரக்கப் படிப்பதற்கு, பின் 20 நிமிடம் அவரவர் விரும்பியதை மௌனமாகப் படிப்பதற்கு, கடைசி 5 நிமிடம் வீட்டுக்குப் புத்தகம் எடுப்பதற்கு என்று நேரம் பிரிக்கப்பட்டிருந்தது. எளிது, நடுத்தரம், கடினம் என்ற மூன்று நிலைகளுக்கு மூன்று நிற நாடாக்களைப் புத்தக முதுகில் ஒட்டினால் போதும், எண்முறைப் பகுப்பு எதுவும் வேண்டியதில்லை என்றும் அது விளக்கியது.

புத்தகம் கொடுத்து வாங்கும் கணக்கை, அதாவது வழங்கல் பதிவேட்டை, ஒரு நீள நோட்டில் மாணவருக்கு ஒரு பக்கமாக ஒதுக்கி, புத்தக எண், எடுத்த நாள், திருப்பிய நாள் என்ற மூன்று பத்திகளில் மாணவத் தலைவர் இருவரே எழுதிவிடலாம். இந்தப் பதிவேடு காவல் கணக்கு மட்டுமன்று: ஒரு மாணவியின் பக்கத்தில் ஒரே புத்தகம் மூன்று வாரம் தொடர்ந்து நின்றால் அது அவளுக்குக் கடினமாக இருக்கிறது என்றும், அடுத்த முறை எளிய நிறத்துக்கு வழிகாட்ட வேண்டும் என்றும் ஆசிரியருக்குத் தெரியும், ஒரே எண் பத்துப் பக்கங்களில் தென்பட்டால் அந்தப் புத்தகத்துக்கு இன்னொரு படி வாங்க வேண்டும் என்று தெரியும். வாசிப்பைப் பற்றிய இத்தனை செய்தியைத் தேர்வு மதிப்பெண் பட்டியல் ஒருபோதும் தராது.

செலவுக் கணக்கும் அடக்கமானதே. சராசரி 50 ரூபாய் விலையில் 60 சிறுவர் நூல்களுக்கு 3,000 ரூபாய், பசையும் துணி நாடாவும் சேர்ந்து பழுது பார்ப்பதற்கு 300, பதிவேட்டுக்கு 100, தொலைந்தவற்றுக்கு ஈடு வாங்க 600 என்று மொத்தம் 4,000 ரூபாய். அதாவது ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 100 ரூபாய். ஒரு மாத டியூஷன் கட்டணத்தை மறுபேச்சின்றிக் கட்டும் குடும்பங்கள் வாழும் ஊரில் இந்தத் தொகையை வீண் செலவு என்று சொல்ல யாருக்கும் வாய் வரக் கூடாது.

இனித் தணிக்கைக் கேள்விக்கு வரலாம். மத்திய அரசு அலுவலகங்களின் வரவு செலவை ஆளும் பொது நிதி விதிகளின் 2017ஆம் ஆண்டுப் பதிப்பில், நூலக இருப்புச் சரிபார்ப்பைப் பற்றிய 215ஆம் விதி, ஓராண்டில் வழங்கப்பட்ட அல்லது பார்வையிடப்பட்ட ஒவ்வோர் 1,000 நூலுக்கும் 5 நூல் வரை தொலைவதை இயல்பான இழப்பாக ஏற்கிறது. நேர்மையின்மையாலோ கவனக்குறைவாலோ நேர்ந்த இழப்புக்கு இந்தச் சலுகை இல்லை. 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் தொலைந்தால் கட்டாயம் விசாரணை உண்டு. இந்த விதி மாநிலப் பள்ளிகளை நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்றாலும், புத்தகம் என்பது புழங்கினால் சிறிது குறையும் பொருள் என்பதைக் கணக்குப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட அரசே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அந்த அளவுகோலைக் கடிதத்தின் திட்டத்துக்குப் பொருத்திப் பார்த்தால் நம்பிக்கையின் வெறுமை விளங்கும். வாரம் 40 புத்தகம் வீதம் 30 வாரத்தில் 1,200 முறை புத்தகம் வீட்டுக்குப் போய்த் திரும்புகிறது. ஆயிரத்துக்கு ஐந்து என்ற கணக்கில் 6 புத்தகம் தொலையலாம். அதன் மதிப்பு 300 ரூபாய். பெற்றோர் ஈட்டுக்கென்று ஒதுக்கியதோ 600 ரூபாய், அதாவது அதைப்போல் இரு மடங்கு. முந்நூறு ரூபாய் இழப்புக்கு அஞ்சி நாற்பது பிள்ளைகளுக்கு ஓராண்டு வாசிப்பை மறுப்பது சிக்கனம் ஆகாது, அது கோழைத்தனம்.

பூட்டிய பீரோ புத்தகத்தைக் காப்பாற்றுகிறதா என்றால் அதுவும் இல்லை. காற்றோட்டமற்ற இருட்டும் ஈரமும் இராமபாணப் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் உகந்த இடம். பீரோ சுவரை ஒட்டி நின்றால் கறையானும் வந்து சேரும். பல பள்ளிகளில் அத்தகைய பீரோவைத் திறந்தால், பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஓரம் அரிக்கப்பட்டு, பின்னட்டையில் ஒட்டிய தேதிச் சீட்டில் ஒரு தேதிகூட விழாமல் கிடக்கும் புத்தகங்களைக் காணலாம். இருப்புப் பதிவேட்டில் அவை அத்தனையும் ‘உள்ளன’. ஆயிரத்துக்கு ஐந்து தொலைவதற்கு விளக்கம் கேட்கும் அமைப்பு, ஆயிரமும் படிக்கப்படாமல் செத்ததற்கு விளக்கம் கேட்பதில்லை.

சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன், வாசகரே அலமாரிக்குச் சென்று நூலைத் தொட்டு எடுக்கும் திறந்த அணுகுமுறையை அங்கே கொண்டுவந்தார். ஐரோப்பிய நூலகங்களில் நூல்களைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்த வழக்கத்தை 1931இல் வெளியான தம் நூலில் எடுத்துக்காட்டி, நூல் பயன்படுவதற்கே உரியது என்பதை நூலகவியலின் முதல் விதியாக அவர் நிறுவினார். அவர் பிறந்த மண்ணின் பள்ளிகளில் சங்கிலியின் இடத்தைப் பூட்டு பிடித்துக்கொண்டிருப்பது பெரிய வெட்கக்கேடு.

இந்த நோய் பூட்டோடு நிற்பதில்லை. கால அட்டவணையில் நூலகம் என்று எழுதியிருக்கும் பாடவேளையையும் பாடத்தை முடிக்க வேண்டும் என்று கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்கிறார். விளையாட்டு வேளைக்கும் இதே கதி. பிள்ளைகளைக் கேட்காமல் மொத்தமாக வாங்கப்படும் நூல்களில் பொது அறிவு வினாவிடையும் தலைவர்களின் பொன்மொழியும் நிரம்பியிருக்க, பிள்ளைகளுக்கு வாசிப்பில் நாட்டமில்லை என்று பழி சொல்லப்படுகிறது. பாடப் புத்தகம் தவிர வேறெதைப் படித்தாலும் ‘படிக்காமல் கதை படிக்கிறான்’ என்று கண்டிக்கும் வீடுகளும் இந்தக் குற்றத்தில் பங்காளிகளே.

கேட்கப்பட்டது சலுகையுமன்று. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளியிலும் செய்தித்தாள், பருவ இதழ், எல்லாப் பாடங்களுக்குமான நூல், கதைப் புத்தகம் ஆகியவற்றோடு நூலகம் இருக்க வேண்டும் என்கிறது. கதைப் புத்தகத்தைச் சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆகவே அந்தத் தலைமையாசிரியர் செய்ய வேண்டியது, கடிதத்தை மீண்டும் வரவழைத்து, ஒரு பிரிவுக்கு ஓராண்டு அனுமதி எழுதி, 600 ரூபாய் ஈட்டுத் தொகையை முன்கூட்டியே ஒப்புக்கொள்வதுதான். தணிக்கைக்கு வருபவரும் இருப்புப் பதிவேட்டைக் கேட்பதற்கு முன் வழங்கல் பதிவேட்டைக் கேட்க வேண்டும். அதில் ஓராண்டு முழுவதும் ஒரு வரிகூட எழுதப்படாமல் இருந்தால், அந்தப் பீரோவில் உள்ள அத்தனை புத்தகங்களையும் இழப்பு என்று குறித்து, சாவி வைத்திருந்தவரிடம் விளக்கம் கேட்க வேண்டும்.