குற்றவாளி பார்வையாளர் அல்ல

இணையத்தில் அரை மணி நேரம் படம் பார்த்தால் 1.6 கிலோ கரியமில வாயு வெளியேறும் என்று 2019-இல் பிரான்சின் ‘ஷிஃப்ட் பிராஜெக்ட்’ அமைப்பின் சார்பில் கூறப்பட்டது. எட்டு பிட் கொண்டது ஒரு பைட். இவ்விரண்டையும் குழப்பியதால் கணக்கு எட்டு மடங்கு வீங்கியிருந்தது. பின்னர் அந்த அமைப்பே அதனைத் திருத்தியது. ஆனால், பார்ப்பவர்மீது சுமத்தப்பட்ட பழி மட்டும் நீங்கவில்லை.

உண்மையில் மின்சாரம் எங்கே செலவாகிறது? ஒரு மணி நேரம் படம் காட்டக் கைபேசிக்கு ஓரிரு வாட்-மணி போதும். சர்வரின் பங்கும் சிறியதே என்கிறது சர்வதேச எரிசக்தி முகமையின் 2020 மதிப்பீடு. வீட்டிலுள்ள ரூட்டரின் கதை வேறு. 10 வாட் ரூட்டர் நாள் முழுவதும் எரிந்தால் 240 வாட்-மணி, அதாவது ஏறத்தாழக் கால் யூனிட் செலவாகும். அதில் ஒரு மணி நேரம் படம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் இந்த அளவு பெரிதாக மாறுவதில்லை.

எனவே படத்தை நிறுத்துவதால் மிச்சமாவது சொற்பமே. சும்மா இருக்கும்போதும் மின்சாரத்தை விழுங்கும்படி கருவியை வடிவமைப்பது பார்வையாளர் அல்ல, உற்பத்தியாளரே. ரூட்டரின் வெற்றுநேர மின்செலவுக்குச் சட்டப்படி உச்சவரம்பு விதிக்க வேண்டும். சர்வர் நிறுவனங்கள் தம் மின்கணக்கை ஊர்வாரியாக வெளியிட வேண்டும். கோரிக்கை அங்கேதான் எழுப்பப்பட வேண்டும்.