வயதைத் தாண்டும் பயிற்சி நேரம்

ஆண்டுதோறும் மே மாதம் நேரடிப் பள்ளிச் சேர்க்கைக்கான விண்ணப்பங்கள் தொடங்கியதும், தொடக்கநிலை 6 பிள்ளைகள் உள்ள பல வீடுகளில் பரபரப்பு தொற்றிக்கொள்கிறது. விளையாட்டுத் திறன் மூலம் விரும்பிய உயர்நிலைப் பள்ளியில் இடம் கிடைக்கலாம் என்பதே காரணம். சென்ற ஆண்டு என் அக்காள் வீட்டிலும் அதே நிலைதான். அவர் மகளுக்கு அப்போது 12 வயது. பூப்பந்தில் உண்மையிலேயே திறமைசாலி.

ஒரு சனிக்கிழமை அவள் படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்குவதைப் பார்த்தேன். "முட்டி கொஞ்சம் வலிக்குது மாமா. அம்மாகிட்ட சொல்லாதீங்க, தேர்வுப் போட்டிக்கு அனுப்ப மாட்டாங்க," என்றாள். ஆனால் அக்காள், "அவளேதான் ஆசையாகப் போகிறாள், நான் எங்கே வற்புறுத்தினேன்?" என்றார். இருவர் சொன்னதும் பொய்யில்லை. நல்ல பயிற்சி எங்கே முடிகிறது, அழுத்தம் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பது அதனால்தான் கடினமாகிறது.

அன்று இரவு ஒரு தாளில் கணக்குப் போட்டோம். பள்ளியில் இணைப்பாட நடவடிக்கை இரு நாள், 4 மணி நேரம். தனிப் பயிற்றுவிப்பாளரிடம் இரு நாள், 4 மணி நேரம். புதன்கிழமை பயிற்சிக் கழகத்தில் ஒன்றரை மணி நேரம். சனிக்கிழமை 4 மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை உடற்பயிற்சி இரண்டரை மணி நேரம். மொத்தம் 16. ஒவ்வொரு பயிற்றுவிப்பாளருக்கும் தம்முடைய வகுப்பு மட்டுமே தெரியும். மொத்தத்தை அதுவரை யாருமே கூட்டிப் பார்த்ததில்லை.

ஏன் கூட்ட வேண்டும்? ஷிகாகோ வட்டாரத்தில் 7 முதல் 18 வயது வரையிலான ஏறக்குறைய 1,200 இளம் விளையாட்டாளர்களை நீரு ஜெயந்தி என்ற மருத்துவரின் குழு ஆராய்ந்தது. 2015ல் வெளியான அதன் முடிவு எளிமையானது. வாரப் பயிற்சி நேரம் பிள்ளையின் வயதைத் தாண்டினால், திரும்பத் திரும்ப ஒரே அசைவால் வரும் கடுமையான காயங்களுக்கு வாய்ப்பு கூடுகிறது. அதாவது 12 வயதுக்கு 12 மணி நேரம். முறையான பயிற்சி, தானாக விளையாடும் நேரத்தைப்போல் இரு மடங்கைத் தாண்டும்போதும் அப்படியே. என் அக்காள் மகள் தானாக விளையாடியது வாரத்துக்கு ஒரு மணி நேரம்கூட இருக்காது. இந்த எண் சட்டமல்ல. இதைத் தாண்டியும் நலமாக இருக்கும் பிள்ளைகள் உண்டு. ஆனால், நின்று கவனிக்கச் சொல்லும் எச்சரிக்கை விளக்கு அது.

அடுத்தது வலி. பயிற்சிக்குப் பிறகு மட்டும் வலித்தால் அது முதல் கட்டம். விளையாடும்போதும் வலித்து, ஆட்டம் மட்டும் பாதிக்கப்படாமல் இருந்தால் இரண்டாம் கட்டம். வலியால் ஓட்டமும் தாவலும் மாறினால் மூன்றாவது. சும்மா இருக்கும்போதும் வலித்தால் நான்காவது. அவள் மூன்றாம் கட்டத்தில் இருந்தாள். முட்டிச் சில்லுக்குக் கீழே, தசைநார் எலும்போடு சேரும் இடத்தில், தொட்டாலே வலித்தது. வேகமாக உயரும் வயதில் அந்த இடத்து எலும்பு இன்னும் முழுமையாக இறுகியிருக்காது. தாவும்போதும் வலைக்கு அருகே காலை எட்டி வைக்கும்போதும் தசைநார் அதை இழுத்துக்கொண்டே இருக்கும். பயிற்சியைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார் மருத்துவர். மறைத்து விளையாடினால்தான் நீளும்.

மனத்தைக் கணக்கிடத் தாள் உதவாது. பயிற்சி ரத்து என்ற குறுஞ்செய்தி வரும்போது பிள்ளையின் முகத்தைப் பாருங்கள் என்று அக்காளிடம் சொன்னேன். ஒருநாள் நிம்மதி என்றால் வெறும் களைப்பாக இருக்கலாம். ஒவ்வொரு முறையும் நிம்மதி என்றால் யோசிக்க வேண்டும். வலியை மறைப்பது அதைவிடத் தெளிவான அறிகுறி. உண்மையைச் சொன்னால் எதையோ இழந்துவிடுவோம் என்று அவள் பயந்தாள். யாரும் வற்புறுத்தாமலே அழுத்தம் இப்படித்தான் வீட்டுக்குள் நுழைகிறது.

ஞாயிறு உடற்பயிற்சியையும் ஒரு தனி வகுப்பையும் நிறுத்தினார்கள். சனிக்கிழமையில் ஒரு மணி நேரம் குறைந்தது. மொத்தம் பத்தரை மணி நேரம். வலி அடங்கும்வரை தாவல் பயிற்சி இல்லை என்று மூன்று பயிற்றுவிப்பாளர்களிடமும் அக்காளே பேசினார். ஒருவர் முகம் சுளித்தார். தேர்வுப் போட்டிகளில் இரண்டில் ஒன்றுக்கு மட்டுமே அவள் போனாள். அங்கு இடம் கிடைக்கவில்லை. வீட்டில் அன்று அழுகைதான். இப்போது வேறொரு பள்ளியில், வலியில்லாமல் பூப்பந்து ஆடுகிறாள்.

இதைப் படிக்கும் உங்களில் சிலரும் இப்படிப் பயிற்சிக்குப் போய்வருபவர்களாக இருக்கலாம். இந்த வார நேரத்தை நீங்களே கூட்டி, அந்தத் தாளை அப்பா அம்மாவிடம் காட்டுங்கள். வலி இருந்தால் அதையும் அதே தாளில் எழுதுங்கள்.